செயலி இறங்காமல் நிற்கும் இடம்

ப்ளே ஸ்டோரில் Install என்பதைத் தொட்டதும் செயலியின் படத்தைச் சுற்றி ஒரு வளையம் ஓடுகிறது. கீழே Pending என்று வருகிறது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும் அதே Pending. பலர் உடனே போனை அணைத்துப் போடுவார்கள், வைஃபையைத் திட்டுவார்கள், யூட்யூபில் முதலில் வரும் வீடியோ சொல்வதையெல்லாம் வரிசையாகச் செய்து பார்ப்பார்கள். அதற்கு முன் ஒன்றைக் கவனித்தால் பாதி வேலை முடிந்துவிடும்: செயலி எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

ஒரு செயலி போனுக்கு வந்து சேர மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் வரிசையில் காத்திருக்கிறது. பிறகு சதவீதம் ஏறியபடி இறங்குகிறது. கடைசியில், இறங்கிய கோப்பைப் போன் பிரித்து நிறுவுகிறது. தொடங்கவே இல்லை என்றால் காரணம் பெரும்பாலும் வரிசை, நெட்வொர்க் அமைப்பு, தேதி, கணக்கு இவற்றில் ஒன்று. முழுவதும் இறங்கிய பிறகு Can't install என்று வந்தால் முதல் சந்தேகம் சேமிப்பிடத்தின் மேல்தான்.

வரிசைப் பிரச்சினையை முதலில் முடித்துவிடுவோம், அது எளிது. ப்ளே ஸ்டோர் எல்லாச் செயலிகளையும் ஒன்றாக இறக்காது. நீங்கள் ஒன்றைக் கேட்கும் நேரத்தில் பின்னணியில் ஏற்கெனவே இருபது செயலிகள் அப்டேட்டுக்காக நின்றுகொண்டிருக்கலாம். மேலே வலது மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு Manage apps & device உள்ளே போனால் அந்த வரிசை தெரியும். அவசரமில்லாதவற்றை நிறுத்திவிட்டால் உங்களுடையது நகரும். அங்கே Waiting for Wi-Fi என்று இருந்தால், மொபைல் டேட்டாவில் இறக்க வேண்டாம் என்று எப்போதோ நீங்களே சொல்லி வைத்திருக்கிறீர்கள். அதே படத்தைத் தொட்டு Settings, பிறகு Network preferences, அதற்குள் App download preference என்று போய் Over any network என மாற்றலாம். விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள்.

இனி சேமிப்பிடம். இங்கேதான் கணக்கு புரியாமல் பலரும் குழம்புகிறார்கள். ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தன் போனை நீட்டினார். மொத்தம் 32 ஜிபி. வங்கிச் செயலி அப்டேட் கேட்கிறது, பழைய பதிப்பு திறக்க மறுக்கிறது, புதியது இறங்கி முடிந்ததும் இடமில்லை என்கிறது.

“தம்பி, ஆப் தொண்ணூறு எம்பிதான்னு அவனே போட்டிருக்கான். என் போன்ல அறுநூறு எம்பி காலியா இருக்கு. அப்புறம் என்ன இடமில்லைங்கிறான்?”

“அந்த அறுநூறும் உங்களுக்கு இல்ல சார். அதுல ஐநூறைப் போன் தனக்குன்னு எடுத்து வச்சுக்கும்” என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னது சரி. சேமிப்பிடம் முழுவதும் நிரம்பிவிட்டால் போனே தடுமாறும் என்பதால், ஆண்ட்ராய்டு பொதுவாக ஒரு பகுதியைத் தொடாமல் வைக்கிறது. மொத்த இடத்தில் 5 சதவீதம் அல்லது 500 எம்பி, இரண்டில் எது குறைவோ அதுதான் வழக்கமான எல்லை. 32 ஜிபியில் 5 சதவீதம் என்பது ஒன்றரை ஜிபிக்கு மேல் போகும். ஆகவே 500 எம்பி எல்லையாகிறது. பெரியவரிடம் உண்மையில் மிஞ்சியது நூறு எம்பிதான்.

தொண்ணூறு எம்பி செயலிக்கு அந்த நூறு போதாதா? போதாது. ஸ்டோரில் காட்டும் அளவு இறக்கப்படும் கோப்பின் அளவு. அது சுருக்கிக் கட்டப்பட்டு வருகிறது, பிரித்தால் பெருக்கும். செயலி வேகமாகத் திறப்பதற்காகப் போன் அதன் நிரலைத் தனக்கேற்றபடி மாற்றி இன்னொரு கோப்பாகவும் எழுதிக்கொள்ளும். அப்டேட் என்றால் புதியது முழுமையாக உட்காரும் வரை பழையதும் அழியாமல் இருக்க வேண்டும், நடுவில் மின்சாரம் போனாலும் ஏதாவது ஒன்று மிஞ்ச வேண்டுமல்லவா. ஆக, காட்டும் அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு இடம் கையிருப்பில் இருப்பது நல்லது. ஒரு ஜிபிக்குக் கீழே இறங்கிவிட்ட போனில் இந்தத் தகராறு வந்துகொண்டேதான் இருக்கும்.

பெரியவர் ஏற்கெனவே பேரனின் வீடியோக்கள் பலவற்றை அழித்திருந்தார். ஆனாலும் காலியிடம் கூடவில்லை. அழித்தவை கேலரியின் Trash பகுதியில் அப்படியே கிடந்தன. பல போன்களில் அவை 30 நாள் அங்கே இருக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படங்கள் என்றால் 60 நாள். அந்தப் பகுதியைக் காலி செய்யும் வரை ஒரு எம்பிகூடத் திரும்பி வராது. கடைக்காரர் அதைக் காலி செய்தார். பிறகு வாட்ஸப்பைத் திறந்து Settings, Storage and data, Manage storage என்று போனார். பல முறை ஃபார்வர்டு ஆனவை தனியாகவும், 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாகவும் அங்கே அடுக்கியிருக்கும். காலை வணக்க வீடியோக்கள் மட்டுமே இரண்டு ஜிபிக்கு மேல் இருந்தன. அவை போனதும் வங்கிச் செயலி மறுபேச்சின்றி ஏறியது.

மெமரி கார்டில் இடம் நிறைய இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். பெரும்பாலான போன்களில் கார்டு படத்துக்கும் பாட்டுக்கும்தான். செயலி போனின் உள் சேமிப்பிடத்தில்தான் உட்காரும். இடம் பிடிக்க வங்கிச் செயலியையே நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றலாம் என்று தோன்றினால் கொஞ்சம் பொறுங்கள். திரும்ப ஏற்றும்போது சிம் சரிபார்ப்பு, பதிவு எல்லாம் முதலிலிருந்து கேட்கும். வாட்ஸப்பை நீக்குவது அதைவிட மோசம், பேக்கப் இல்லையென்றால் உரையாடல்கள் போயே போகும். எப்போதாவது பயன்படுத்தும் செயலிகளுக்கு ப்ளே ஸ்டோரிலேயே Archive என்று ஒரு வசதி வந்திருக்கிறது. செயலியின் பெரும்பகுதியை நீக்கி, உங்கள் தரவை மட்டும் விட்டுவைக்கும். இது பலருக்குத் தெரிவதில்லை.

அடுத்தது தேதி. தேதிக்கும் பதிவிறக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். போன் கூகுளின் சர்வரைத் தொடர்புகொள்ளும்போது, எதிரே இருப்பது உண்மையிலேயே கூகுள்தானா என்று ஒரு மின்சான்றிதழைப் பார்த்து உறுதிசெய்கிறது. ஒவ்வொரு சான்றிதழிலும் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். கூகுளின் சான்றிதழ்களுக்கு ஆயுள் ஏறக்குறைய மூன்றே மாதம். போனின் நாட்காட்டி ஒரு வருடம் பின்னால் இருந்தால் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவில்லை என்று போன் நினைக்கும். ஒரு வருடம் முன்னால் இருந்தால் அது காலாவதியானதாகத் தெரியும். இரண்டிலும் இணைப்பை மறுத்துவிடும். இன்டர்நெட் நன்றாக இருக்கும்போதே ப்ளே ஸ்டோர் இணைப்பு இல்லை என்று சொல்லி Retry காட்டுவது இதனாலும் இருக்கலாம்.

தேதி எப்படி மாறுகிறது? சிம் இல்லாத பழைய போன் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்து, பேட்டரி முழுவதும் வடிந்து, திரும்ப உயிர்பெறும்போது பழைய தேதியில் எழலாம். இன்னொரு காரணம் வீட்டுப் பிள்ளைகள். விளையாட்டில் தீர்ந்துபோன ‘லைஃப்’ திரும்பக் கிடைக்கும் வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் தேதியை முன்னால் தள்ளுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. குரோமில் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். Your clock is behind அல்லது Your clock is ahead என்று வந்தால் நோய் தெரிந்துவிட்டது. போனின் Settings உள்ளே Date & time பகுதிக்குப் போய்த் தானியங்கி நேரத்தை இயக்கினால் போதும். நேர மண்டலத்தையும் பார்த்துவிடுங்கள். வேறு நாட்டு மண்டலத்தை வைத்துக்கொண்டு கடிகாரத்தைக் கையால் இந்திய நேரத்துக்குத் திருப்பியிருந்தால், முகப்பில் மணி சரியாகத் தெரியும், உள்ளே சில மணி நேரம் பிசகியிருக்கும். அந்தப் பிசகு பதிவிறக்கத்தைப் பெரும்பாலும் தடுக்காது. ஆனால் 30 விநாடிக்கொரு முறை மாறும் பாதுகாப்பு எண்கள் ஒத்துப்போகாமல், கணக்கில் நுழையும்போது தொல்லை கொடுக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் Pending நகரவில்லையென்றால் கேஷைத் துடைக்கலாம். எல்லோரும் முதல் மருந்தாகச் சொல்வதை நான் இவ்வளவு தள்ளி வைத்ததற்குக் காரணம், அது குணப்படுத்தும் நோய் ஒன்றே ஒன்றுதான்: ப்ளே ஸ்டோர் தன் வசதிக்காக எழுதிவைத்த தற்காலிகக் குறிப்புகள் சிதைந்திருப்பது. போனின் Settings, Apps, Google Play Store, Storage & cache என்று போய் முதலில் Clear cache கொடுங்கள். இதனால் எந்த இழப்பும் இல்லை. பலிக்காவிட்டால் Clear data. நிறுவிய செயலிகள் அப்படியே இருக்கும், ப்ளே ஸ்டோரில் நீங்கள் செய்து வைத்த அமைப்புகள் மட்டும் போகும். பிள்ளைகளுக்காக வயதுக் கட்டுப்பாடு போட்டிருந்தால் அதை மறுபடி போட வேண்டும். Google Play services என்று இன்னொன்று பட்டியலில் இருக்கும். அதன் கேஷைத் துடைக்கலாம், தரவை அழிப்பதைக் கடைசி வரை தள்ளிப்போடுவதே என் கட்சி. கார்டு விவரம் முதல் பலவும் அதை நம்பியிருக்கின்றன.

கணக்குப் பிரச்சினை வேறு மாதிரி முகம் காட்டும். Authentication is required என்றோ, Account action required என்றோ அறிவிப்பு வரும். மகன் வெளியூரிலிருந்து அம்மாவின் ஜிமெயில் கடவுச்சொல்லை மாற்றியிருப்பான். அம்மாவின் போனில் பழைய அனுமதி செத்திருக்கும். அந்த அறிவிப்பைத் தொட்டுப் புதிய கடவுச்சொல்லைக் கொடுத்தால் சரியாகிவிடும். ஒரே போனில் இரண்டு கணக்குகள் இருந்தால், ப்ளே ஸ்டோரில் படத்தைத் தொட்டு மற்றொன்றுக்கு மாறிப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய செயலி வாங்கிய கணக்கில்தான் இறங்கும். ஐபோனில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஏதாவது சந்தாவுக்குப் பணம் பாக்கி நின்றால் இலவசச் செயலிகூட இறங்காமல் போகலாம்.

கணக்கைப் போனிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பதும் பலிக்கும். ஆனால் நீக்குவதற்கு முன் கடவுச்சொல் நினைவிருக்கிறதா, மீட்பு எண்ணாக இருக்கும் சிம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். தொடர்பு எண்கள் கணக்கில் ஏறியிருக்கின்றனவா என்பதையும் contacts.google.com தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறாதவை கணக்கோடு சேர்ந்து போனிலிருந்து மறைந்துவிடும்.

இந்த அலைச்சலின் நடுவே வாட்ஸப்பில் யாராவது அந்தச் செயலியின் ஏபிகே கோப்பை அனுப்பி, ‘இதை நேரா போட்டுக்கோங்க’ என்பார்கள். வங்கி, மின்கட்டணம் போன்ற பெயர்களில் சுற்றும் போலிகள் உள்ளே நுழைவது இந்த வாசல் வழியாகத்தான். ஃபேக்டரி ரீசெட் செய்து தருகிறேன் என்று சொல்பவர்களிடமும் அவசரப்பட வேண்டாம். பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லோ திரைப் பூட்டோ தெரியாத நிலையில், ரெக்கவரி மெனு வழியாக அழித்தால், போன் மீண்டும் எழும்போது முதல் வேலையாக அதையே கேட்கும். சொல்லாமல் உள்ளே விடாது.