நீண்ட மின்னஞ்சல் தொடருக்கு விடை எழுதும் முறை

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், பொம்மசந்திரத் தொழிற்பேட்டையை அடுத்துள்ளது சந்தாபுரா. அங்குள்ள கடைசல் பட்டறை ஒன்றிற்கும் ஓசூர் வாடிக்கையாளர் ஒருவருக்கும் இடையே நடந்த கடிதத் தொடரின் ஸ்கிரீன்ஷாட், அதாவது திரையின் நிழற்படம், விடை எழுத வேண்டியவரிடம் வருவதாகக் கொள்வோம்.

முதலில் வரிசையைக் கவனிக்க வேண்டும். மேற்கோளாகத் தொடரும் கடிதங்களில் பெரும்பாலும் புதியது மேலும் பழையது கீழும் இருக்கும். ஆகவே அடியிலிருந்து மேலே படித்தல் நன்று. படத்தில் "நேற்று" என்று மட்டும் இருந்தால், அது படம் எடுத்த நாளைக் கொண்டு கணக்கிடத் தக்கது. படித்த நாளைக் கொண்டன்று.

எடுத்துக்காட்டாகத் தொடர் இவ்வாறு செல்கிறது. வாடிக்கையாளர் 2,000 பித்தளை புஷ்கள் கேட்கிறார். பட்டறை ஒன்றுக்கு 46 ரூபாய் என்கிறது. அவர் 44 ரூபாய் என்கிறார். "44 சரி, ஆனால் லாரி வாடகை உங்களுடையது" எனப் பட்டறை எழுதுகிறது. அதற்கு அவர், "44 சரி, மார்ச் 28க்குள் சரக்கு வேண்டும்" என்கிறார். பட்டறையோ, "திருத்திய வரைபடம் வந்தால் 28க்குள் தருவோம்" என்கிறது.

விலை முடிந்துவிட்டது என்றே விரைந்து படிப்பவர் எழுதிவிடுவார். பிழை நேர்வது இங்கேதான். பட்டறை 44 ரூபாய்க்கு இசைந்தது வாடகையை மற்றவர் ஏற்பார் என்ற நிபந்தனையின் பேரில். அந்நிபந்தனைக்கு விடையே வரவில்லை. மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாகாது. ஒருவர் கூறியதை மற்றவர் நிபந்தனையின்றி ஏற்று, பின்வந்த கடிதம் எதுவும் அதை மாற்றாமலிருந்தால் மட்டுமே அது முடிந்த செய்தி. வரைபடத்தைப் பொறுத்துள்ள நாளும் இன்னும் முடியாததே. ஆகவே பட்டறையின் சார்பில் எழுதப்படும் விடை பின்வருமாறு அமையும்:

"ஐயா, இதுவரை முடிவானது: பித்தளை புஷ் 2,000. தங்கள் தெளிவுரை வேண்டுவன: விலை 44 ரூபாய் என்பது லாரி வாடகை தங்களுடையது என்ற நிபந்தனையுடன் நாங்கள் கூறியது, அதனைத் தாங்கள் ஏற்கிறீர்களா? திருத்திய வரைபடத்தை எந்த நாளில் அனுப்புவீர்கள்? மார்ச் 28க்குள் சரக்கு தருவது அதைப் பொறுத்தது. மேற்கண்டவற்றில் பிழையிருப்பின் தெரிவிக்கவும்."

படத்திற்குச் சில வரம்புகள் உண்டு. இணைப்புக் கோப்பின் பெயர் தெரியலாம், உள்ளடக்கம் தெரியாது. மூன்று புள்ளிகளுக்குப் பின் மறைந்த பழைய பகுதியும், நகல் பெறுவோர் அனைவரின் பெயரும் தெரியாமற் போகலாம். மங்கிய படத்தில் 1, 7 ஆகிய எண்கள் மயங்கக்கூடும். எண்களை மூலக்கடிதத்துடன் ஒப்பிட்ட பின்னரே எழுத வேண்டும்.

விடையைப் படத்தை வைத்துப் புதிய கடிதமாக அனுப்பலாகாது. மூலக்கடிதத்தைத் திறந்து, எல்லாருக்கும் விடையளிக்கும் பொத்தானை அழுத்தினால், மின்னஞ்சல் மென்பொருள் `In-Reply-To` என்னும் தலைப்பில் முந்தைய கடிதத்தின் அடையாள எண்ணைச் சேர்க்கும். பெரும்பாலும் இத்தகைய தலைப்புகளைக் கொண்டு பெறுநரின் பெட்டியில் கடிதங்கள் ஒரே தொடராகக் கோக்கப்படுகின்றன. புதிய கடிதத்திற்கு அந்த எண் இல்லாமையால், அது பழைய தொடரிலிருந்து தனித்து நிற்க நேரிடும்.