ஒரு சொல் போதுமா, இரண்டும் வேண்டுமா?

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்கம் சுற்றறிக்கை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘கடந்த ஞாயிறன்று அனைவரும் ஒன்றாகக் கூடி நடத்திய கூட்டத்தில், பராமரிப்புக் கட்டணத்தை மீண்டும் மறுபரிசீலனை செய்ய முடிவானது. கூடுதலாக வசூலித்த தொகை, வீடு ஒவ்வொன்றுக்கும் தலா 500 ரூபாய் வீதம் மீண்டும் திருப்பித் தரப்படும். தயவுசெய்து ரசீதுடன் அலுவலகத்துக்கு வருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.’

படிப்பவருக்குப் புரிந்துவிடும். ஆனால் கூடுவது என்றாலே ஒன்றாகத்தான். மறுபரிசீலனையில் ‘மறு’ இருக்கும்போது ‘மீண்டும்’ எதற்கு? ‘ஒவ்வொன்றுக்கும்’, ‘தலா’, ‘வீதம்’ என்று மூன்று சொற்கள் ஒரே வேலையைச் செய்கின்றன. ‘மீண்டும் திருப்பித் தரப்படும்’ என்பதில் குழப்பமே வந்துவிடுகிறது. ஏற்கெனவே ஒருமுறை பணம் கொடுத்தார்களா என்று யாராவது கேட்கலாம்.

இந்தப் பழக்கம் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. நம் அலுவலகங்களின் ஆங்கிலத்தில் ‘ரிப்பீட் அகெய்ன்’, ‘ரிட்டர்ன் பேக்’, ‘கம்பைண்ட் டுகெதர்’ என்பவை சாதாரணம். முதல் இரண்டின் தொடக்கத்தில் உள்ள ‘ரி’ மறுபடியும், திரும்பவும் என்ற பொருளை லத்தீனிலிருந்தே கொண்டுவருகிறது. ‘கம்பைண்ட்’ சொல்லின் ‘கம்’மிலோ ‘சேர்ந்து’ என்ற பொருள் ஒளிந்திருக்கிறது. முன்னொட்டின் பொருள் மனத்தில் பதியாததால், அதையே இன்னொரு சொல்லாகப் பின்னால் சேர்த்துவிடுகிறார்கள். ‘முன்கூட்டியே முன்பதிவு’ என்று எழுதும்போது நாமும் இதைத்தான் செய்கிறோம்.

மிகையைக் கண்டுபிடிப்பது எளிது. இரண்டில் எதை எடுப்பது என்பதில்தான் சிக்கல், ஏனென்றால் தொனி அங்கேதான் மாறுகிறது. ‘மீண்டும் மறுபரிசீலனை செய்ய’ என்பதில் ‘மீண்டும்’ என்பதை எடுத்தால், மீதி சங்கத்தின் மொழியாகவே நிற்கும். மாறாக, ‘மீண்டும் பார்க்கலாம்’ என்று சுருக்கினால் பொருள் ஏறக்குறைய அதேதான். ஆனால் செயலாளர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல் ஆகிவிடும். ஆங்கிலத்திலும் அப்படித்தான். ‘ரிட்டர்ன்’ மட்டும் நின்றால் கடித நடை. ‘பேக்’கை வைத்துக்கொண்டு ‘கிவ் பேக்’ என்று மாற்றினால் பேச்சு நடை. ஆகவே கடிதம் எந்த நடையில் இருக்கிறதோ, அந்த நடைக்குரிய சொல்லை விட்டுவிட்டு மற்றதை எடுக்க வேண்டும்.

சுற்றறிக்கையை இப்படித் திருத்தலாம்: ‘கடந்த ஞாயிறன்று அனைவரும் கூடி நடத்திய கூட்டத்தில், பராமரிப்புக் கட்டணத்தை மறுபரிசீலனை செய்ய முடிவானது. கூடுதலாக வசூலித்த தொகை, வீட்டுக்கு 500 ரூபாய் வீதம் திருப்பித் தரப்படும்.’ ஐந்து சொற்கள் போய்விட்டன, குரல் மாறவில்லை. கடைசி வாக்கியத்தில் மட்டும் கைவைக்கக் கூடாது. ‘தயவுசெய்து’, ‘அன்புடன்’ இரண்டும் பணிவைத்தான் சொல்கின்றன என்றாலும், ஒன்றை எடுத்தால் வேண்டுகோள் கொஞ்சம் உத்தரவாகிவிடும். அங்கே மரியாதையும் செய்தியின் ஒரு பகுதி.

எல்லா இரட்டைச் சொற்களும் குற்றமல்ல என்பதைத் தமிழ் இலக்கணம் வெகுகாலம் முன்பே பிரித்துச் சொல்லிவிட்டது. நன்னூல் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பட்டியலிடும்போது மிகைபடக் கூறல், கூறியது கூறல் இரண்டையும் சேர்க்கிறது. அதே நன்னூல், சிறப்புக்காக ஒரே பொருளுடைய சொற்கள் அடுத்தடுத்து வந்தால் அது வழுவன்று என்றும் விதிக்கிறது. ‘உயர்ந்தோங்கிய மலை’, ‘நடுமையம்’ ஆகியவை இந்த ஒருபொருட்பன்மொழிக்குப் பள்ளிப் பாடங்களில் வரும் எடுத்துக்காட்டுகள். ‘வீடு வாசல்’, ‘நகை நட்டு’ போன்ற இணைமொழிகளையும் யாரும் வெட்டுவதில்லை. ‘வீட்டை விற்றார்’ என்பது ஒரு பரிவர்த்தனை. ‘வீடு வாசலை விற்றார்’ என்றால் குடும்பம் தெருவுக்கு வந்த கதை.

சில இடங்களில் மிகையாகத் தோன்றுவது உண்மையாகவே புதிய செய்தியாக இருக்கும். வினாத்தாள் கசிந்து நடந்த மறுதேர்விலும் குளறுபடி என்றால், அடுத்து நடப்பது ‘மீண்டும் மறுதேர்வு’தான். ஏற்கெனவே ஒருமுறை திரும்பச் சொன்னதை இன்னொரு முறை சொன்னால் ‘ரிப்பீட் அகெய்ன்’ என்பதும் சரியே. எனவே எடுப்பதற்கு முன், இது எத்தனையாவது முறை என்று எழுதியவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஒருவர் பேசியதை மேற்கோளாகத் தரும்போதும் கத்தரியை எடுக்கக் கூடாது. ‘என் ரெண்டு கண்ணால பார்த்தேன்’ என்று சாட்சி சொல்பவரிடமிருந்து கண்ணைப் பிடுங்கினால், அவர் சொல்லின் உறுதியும் கூடவே போய்விடும்.

கணினியில் எழுதுபவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. அனுப்புவதற்கு முன் ‘மீண்டும்’, ‘ஒன்றாக’, ‘தலா’, ‘முன்கூட்டியே’ ஆகிய நான்கு சொற்களைத் தேடிப் பாருங்கள். அவற்றை அடுத்து வரும் சொல்லிலேயே அந்தப் பொருள் இருந்தால் நீக்குங்கள். பிறகு வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்; உங்கள் குரல் போலவே கேட்டால் அனுப்பிவிடலாம்.