பேச்சே எழாத வீட்டில் இருவர்

கரு கலைந்த மறுவாரமே வீட்டில் அந்தப் பேச்சு நின்றுவிடும். மருமகள் மனம் நோகக் கூடாதே என்ற கரிசனம்தான். அவளோ, மாடிப்படி ஏறியதாலா, பப்பாளி தின்றதாலா என்று தன்னையே குற்றம்சாட்டிக்கொண்டிருப்பாள். முதல் 3 மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதிக்குக் குரோமோசோம் கோளாறே காரணம். மருத்துவர் இதைச் சொல்லும்போது கணவனும் உடனிருக்க வேண்டும்.

மார்க் ஸக்கர்பர்க், பிரிசில்லா சான் தம்பதி 3 கருக்களை இழந்ததை 2015இல் வெளியே சொன்னார்கள். நண்பர்களிடம் பேசிய பிறகே, பலருக்கும் இது நேர்ந்திருப்பது அவர்களுக்குத் தெரிந்தது.

அழாமல் வேலையில் மூழ்கும் கணவனுக்கு வலியே இல்லை என்று மனைவி நினைத்துவிடுவதுண்டு. பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதி நெருங்கும்போதாவது, "எனக்கும் ஞாபகம் இருக்கு" என்று அவன் வாய்திறக்க வேண்டும். "எங்ககிட்ட அதைப் பத்திப் பேசலாம்மா" என்று தாயிடம் சொல்வதும் அவன் பொறுப்பே.

நியூஸிலாந்தில் 2021 முதல் இந்த இழப்புக்கு இருவருக்குமே 3 நாள் துக்க விடுப்பு உண்டு.