சமையலறையில் பாதிப் பேச்சு

நாவல் படிக்கும்போது, “ஐயோ, அவன் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான், பேசாதே!” என்று பாத்திரத்தை எச்சரிக்கத் தோன்றுகிறதல்லவா? வாசகருக்குத் தெரிந்த ஒன்று பாத்திரத்துக்குத் தெரியாமல் இருக்கும்போது எழும் தவிப்பு அது. விமர்சகர்கள் இதை நாடக முரண் என்கிறார்கள். இது எப்படிக் கட்டப்படுகிறது என்பதைப் பார்க்க, எமிலி பிராண்டி 1847-இல் வெளியிட்ட ‘வதரிங் ஹைட்ஸ்’ நாவலின் ஒன்பதாம் அத்தியாயத்தைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில் ஒரு பண்ணை வீடு. அங்கே எடுத்து வளர்க்கப்பட்ட அநாதைப் பையன் ஹீத்கிளிஃப். அந்த வீட்டுப் பெண் கேத்தரினோடு ஒன்றாக வளர்ந்தவன். அவளுடைய தந்தை இறந்ததும், அண்ணன் ஹிண்ட்லி அவனைப் படிக்கவிடாமல் பண்ணையாளாக்கிவிடுகிறான். ஓர் இரவு, வேலைக்காரி நெல்லி சமையலறையில் குழந்தையை மடியில் போட்டுத் தூங்கவைத்துக்கொண்டிருக்கிறாள். ஹீத்கிளிஃப் அந்தப் பக்கமாக நடந்து போகிறான். களஞ்சியத்துக்குத்தான் போகிறான் என்று நெல்லி நினைக்கிறாள்.

அப்போது பிராண்டி ஒரு சிறிய வேலை செய்கிறார். பல ஆண்டு கழித்துக் கதை சொல்லும் நெல்லியின் வாயாலேயே, அவன் களஞ்சியத்துக்குப் போகவில்லை, உயரமான சாய்வு கொண்ட மரப் பலகைக்குப் பின்னால் சுவரோரம் படுத்துவிட்டான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகுதான் கேத்தரின் உள்ளே எட்டிப் பார்த்து, தனியாகவா இருக்கிறாய் என்று கேட்கிறாள். ஆமாம் என்கிறாள் நெல்லி. அந்த நேரத்தில் நெல்லிக்கே உண்மை தெரியாது. வாசகருக்குத் தெரியும்.

அந்த ஒரு தகவலை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பணக்கார எட்கர் லின்டன் பெண் கேட்டதையும், தான் சம்மதித்ததையும் கேத்தரின் சொல்வது, கல்யாணத்துக்கு முன் ஒரு பெண் மனத்தைக் கொட்டும் சாதாரண உரையாடலாகிவிடும். ஹீத்கிளிஃப் கடைசியில் இருட்டிலிருந்து எழுந்தால் ஒரு கணம் திடுக்கிடுவோம், அவ்வளவுதான். முன்பே தெரிந்திருப்பதால், அவளுடைய ஒவ்வொரு வாக்கியத்தையும் பலகைக்கு இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை என்று இரண்டு காதுகளால் கேட்கிறோம்.

அண்ணன் அவனை இப்படித் தாழ்த்தி வைத்திருக்கும்போது அவனை மணந்தால் தனக்கு இழுக்கு என்கிறாள் அவள். அந்த இடத்தில் அவன் சத்தமில்லாமல் எழுந்து வெளியேறுகிறான். தரையில் உட்கார்ந்திருக்கும் கேத்தரினுக்குப் பலகையின் சாய்வு மறைக்கிறது. நெல்லி மட்டும் பார்க்கிறாள். அவன் போன பிறகுதான் அவளுடைய உண்மையான மனம் வெளியே வருகிறது. அவனும் தானும் ஒரே உயிர் என்கிறாள். லின்டனின் பணத்தைக் கொண்டு அவனை அண்ணனின் பிடியிலிருந்து மீட்கலாம் என்பதும் அவளுடைய கணக்கு. இடையில், காதலென்றால் என்னவென்று ஹீத்கிளிஃபுக்குத் தெரியாதுதானே என்று நெல்லியிடம் கேட்கவும் செய்கிறாள். கதவுக்கு வெளியே போய்விட்டவனைப் பற்றிய அந்தக் கேள்வி எனக்கு ஒவ்வொரு வாசிப்பிலும் நெஞ்சை அடைக்கிறது.

ஆக, அவளுக்கு அவன் கேட்டது தெரியாது. அவனுக்கு மீதி தெரியாது. இரண்டு பாதியும் வாசகர் கையில் இருக்கின்றன.

இந்த உத்தி கெட்டுப்போகும் இடமும் இதுதான். ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடுமே, ஏன் யாரும் சொல்லவில்லை என்று வாசகர் கேட்கத் தொடங்கினால், தவிப்பு எரிச்சலாகிவிடும். பாத்திரம் அறியாமல் இருப்பதற்குக் கதைக்குள்ளேயே காரணம் வேண்டும். பிராண்டி அதை நெல்லியின் குணத்தில் வைத்தார். திடுக்கிட்டு, பேசாதே என்று தடுக்கும் நெல்லி, ஏன் என்று கேட்டதும் வண்டிச் சத்தம் கேட்கிறது என்று மழுப்புகிறாள். உண்மையைச் சொல்வதற்குள் அவன் வீட்டைவிட்டே போய்விடுகிறான். நெல்லியின் இந்த மௌனம் விமர்சகர்களை விடவில்லை. ஜேம்ஸ் ஹாஃப்லி 1958-இல் எழுதிய கட்டுரையில் நாவலின் வில்லனே அவள்தான் என்று வாதிட்டார். அது மிகை என்பதே என் எண்ணம். சங்கடமான நேரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பிப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான், அதனால்தான் நம்ப முடிகிறது.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ கடம்பூர் மாளிகைக் காட்சியிலும் ஒருவன் மறைந்திருந்து கேட்கிறான். ஆனால் அங்கே வந்தியத்தேவன் நம்மோடு சேர்ந்து அறிகிறான், சதி செய்யும் சிற்றரசர்கள்தான் அறியாதவர்கள். அதனால் மாட்டிக்கொள்வானோ என்ற பரபரப்பு பிறக்கிறது. பிராண்டியிடம் அறியாத இருவருமே நாம் நேசிப்பவர்கள். பரபரப்புக்குப் பதில் துயரம் வருகிறது.

மூன்று ஆண்டு கழித்து ஹீத்கிளிஃப் பணத்தோடு திரும்புகிறான். கேத்தரின் இப்போது லின்டனின் மனைவி. ஒரு சண்டையில், நீ எனக்குக் கொடுமை செய்தாய் என்று அவளைக் குற்றஞ்சாட்டுகிறான். அவள் சினந்து எதிர்த்துப் பேசுகிறாள். நெல்லியும் அருகில்தான் இருக்கிறாள். அன்றிரவு அவன் கேட்காமல் போன மீதியை அவள் அப்போதும் எடுத்துச் சொல்வதில்லை.