கையெழுத்துக்கு முன்பே பிறந்த ஒப்பந்தம்

“முதலில் வேலையைத் தொடங்குங்கள், பேப்பரெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.” வீட்டுக்கு வர்ணம் பூசுகிறவர் முதல் தொழிற்சாலைக்கு இயந்திரம் செய்து தருகிறவர் வரை எல்லாரும் கேட்டுப் பழகிய பேச்சு இது. சொல்பவருக்கு அவசரம், கேட்பவருக்கு ஆர்டர் கைநழுவிவிடக் கூடாதே என்ற கவலை. கையெழுத்துப் போடாத வரை தன்னை எதுவும் கட்டுப்படுத்தாது என்று இருவருமே உள்ளூர நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை ஒரு தயிர்த் தொழிற்சாலையின் வழக்கு காட்டியது.

இங்கிலாந்தின் மார்க்கெட் டிரேட்டன் என்ற ஊரில் மியூலர் நிறுவனத்துக்குத் தயிர் ஆலை இருக்கிறது. தயிர்க் கிண்ணங்களை அடுக்கிப் பொதி கட்டும் தானியங்கி இயந்திர வரிசைகளை அமைத்துத் தர, 2005இல் ஆர்.டி.எஸ். என்ற நிறுவனத்தை அது பிடித்தது. விலை சுமார் 16 லட்சத்து 80 ஆயிரம் பவுண்டு. முழு ஒப்பந்தம் தயாராக நாளாகும் என்பதால் முதலில் ஒரு லெட்டர் ஆஃப் இன்டென்ட் போட்டார்கள். ‘உங்களுக்கே வேலையைத் தர எண்ணியிருக்கிறோம், இப்போதைக்கு இந்த அடிப்படையில் தொடங்குங்கள்’ என்று சொல்லும் இடைக்காலக் கடிதம் அது. அந்தக் கடிதத்தின் காலம் நீட்டிக்கப்பட்டு, மே மாத இறுதியில் முடிந்துபோனது. வேலை மட்டும் நிற்கவில்லை.

இதற்கிடையே முழு ஒப்பந்தத்தின் வரைவு இரு தரப்புக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தது. ஜூலை தொடக்கத்தில் முக்கியமான எல்லா விஷயங்களிலும் உடன்பாடு வந்துவிட்டது. பொறியியல் தொழிலில் வழக்கமான எம்.எஃப்/1 என்னும் பொது நிபந்தனைகளும் அந்த வரைவில் சேர்ந்திருந்தன. இயந்திரம் சரியாக ஓடாவிட்டால் தயாரித்தவர் எவ்வளவு வரை பொறுப்பு என்பதற்கு வரம்பு கட்டும் பிரிவுகள் அவற்றில் உண்டு. வரைவின் 48ஆம் பிரிவு வேறொன்றையும் தெளிவாகச் சொன்னது: இரு தரப்பும் கையெழுத்திட்டுப் பிரதிகளைப் பரிமாறிக்கொள்ளும் வரை இந்த ஒப்பந்தம் அமலுக்கு வராது. கையெழுத்து கடைசி வரை விழவேயில்லை.

ஆனால் இயந்திரங்கள் வந்தன, பொருத்தப்பட்டன, மியூலர் பெரும் தொகைகளைக் கொடுத்தது. ஆகஸ்டு 25 அன்று, எந்த வரிசையை எப்போது ஒப்படைப்பது என்பதை இரு தரப்பும் பேசி மாற்றிக்கொண்டார்கள். “இன்னும் கையெழுத்தாகவில்லையே, எதை மாற்றுகிறோம்?” என்று அன்று யாரும் கேட்கவில்லை. பிறகு இயந்திரம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை என்று தகராறு வந்தது. அப்போதுதான் எல்லாருக்கும் ஒப்பந்தத்தின் நினைவு வந்தது.

மூன்று நீதிமன்றங்கள் மூன்று விதமாகச் சொன்னதுதான் இந்த வழக்கின் வேடிக்கை. முதல் நீதிபதி, ஒப்பந்தம் உண்டு, ஆனால் எம்.எஃப்/1 நிபந்தனைகள் அதில் சேராது என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம், 48ஆம் பிரிவு இருக்கும்போது ஒப்பந்தமே இல்லை என்றது. அப்படியானால் செய்த வேலைக்கு நியாயமான கூலி கேட்கலாம், அவ்வளவுதான். பேசிய விலை, தரம், பொறுப்பின் வரம்பு எதையும் காட்டி வாதாட முடியாது. 2010 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இரண்டையும் மாற்றியது. ஒப்பந்தம் உண்டு, ஜூலையில் ஒத்துக்கொண்ட எல்லா நிபந்தனைகளோடும், எம்.எஃப்/1 உட்பட, ஆகஸ்டு மாற்றத்தோடு சேர்த்தே உண்டு என்றது.

48ஆம் பிரிவு என்ன ஆனது? இரு தரப்பும் தங்கள் நடத்தையாலேயே அதைக் கைவிட்டுவிட்டன என்பது தீர்ப்பு. இங்கே நீதிமன்றம் யாருடைய மனதுக்குள்ளும் எட்டிப் பார்க்கவில்லை. நேர்மையும் விவரமும் உள்ள ஒரு வியாபாரி வெளியிலிருந்து இதைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்பதே அளவுகோல். நிபந்தனைகள் பேசி முடிந்து, அதன்படியே வேலையும் பணமும் கைமாறி, அதையே திருத்தவும் செய்தபின், ‘எங்களுக்குள் ஒன்றுமேயில்லை’ என்று சொன்னால் அவர் நம்புவாரா? இந்த வாசல் அகலமானதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விலையோ வேலையின் அளவோ முடிவாகாமல் இருந்திருந்தால், வெறுமனே வேலை தொடங்கியதை வைத்து இதே தீர்ப்பு கிடைத்திருக்காது. நடத்தைக்கு இரண்டு அர்த்தம் சொல்ல இடம் இருந்தாலும் கிடைத்திருக்காது.

நம் நாட்டுச் சட்டத்துக்கு இது புதிதல்ல. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, ஒரு முன்மொழிவின் நிபந்தனைகளைச் செய்து முடிப்பதே அதை ஏற்பதுதான் என்கிறது. முன்மொழிவோடு சேர்த்துத் தரப்படும் பிரதிபலனை வாங்கிக்கொள்வதும் ஏற்புதான். ஒரு ரயில்வே வழக்கில் இது கூர்மையாக வெளிப்பட்டது. சரக்கு தொடர்பான இழப்பீட்டுக்கு ரயில்வே காசோலை அனுப்பி, ‘முழுத் தீர்வாக இதை ஏற்க மனமில்லையென்றால் திருப்பி அனுப்புங்கள், வைத்துக்கொண்டால் ஏற்றதாகவே கருதப்படும்’ என்று எழுதியது. வாங்கியவர் காசோலையை மாற்றிப் பணத்தை எடுத்துவிட்டு, அதன்பின் தொகை போதாது என்று எழுதினார். 2006இல் உச்ச நீதிமன்றம், மாற்றிய கணத்திலேயே ஏற்பு முடிந்துவிட்டது, பிறகு எழுதிய ஆட்சேபம் காலம் கடந்தது என்றது. மாற்றுவதற்கு முன்பே ஆட்சேபம் போயிருந்தால் கதை வேறு.

ஓரிடத்தில் இந்த விதி நம்மூரில் செல்லாது: அரசாங்கம். அரசோடு செய்யும் ஒப்பந்தம் குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநர் பெயரில், அதிகாரம் பெற்றவர் மூலம், முறைப்படி எழுதப்பட வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 299ஆம் பிரிவு. ஓர் அதிகாரி “கட்டுங்க, பில் பாஸ் பண்ணிடலாம்” என்று சொல்லி, கான்ட்ராக்டர் கட்டி முடித்தாலும் அது ஒப்பந்தம் ஆகாது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்திலும் இதே விதி இருந்தது. 1944இல் வங்காளத்து ஆரம்பாக் பகுதியில், உணவு வழங்கல் துறை அதிகாரிகள் கேட்டதன்பேரில் ஒரு கட்டுமான நிறுவனம் மண் சாலையும் காவலறையும் சமையலறையும் சேமிப்புக் கொட்டகைகளும் கட்டித் தந்தது. பில் தொகை 19 ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். முறையான ஒப்பந்தம் இல்லை என்று அரசு கைவிரித்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. ஒப்பந்தம் செல்லாது என்பதை நீதிமன்றமும் ஒத்துக்கொண்டது, ஆனால் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவுதான் கைகொடுத்தது: இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் சட்டப்படி செய்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்தால், ஈடு செய்ய வேண்டும். இது ஒப்பந்தத்துக்கு மாற்று அல்ல. வேலையை முடிக்க விடாமல் நிறுத்தினால் வராத லாபத்தை இதைக் காட்டிக் கேட்க முடியாது. வேலையை முடித்துத் தரும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. அரசுக்கும் ஒரு வழி திறந்தே இருந்ததாகத் தீர்ப்பு சொல்கிறது. கொட்டகைகளை வேண்டாம் என்று மறுத்திருக்கலாம், பிரித்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், அவற்றை ஏற்றுப் பயன்படுத்திக்கொண்டதால்தான் பணம் கொடுக்க வேண்டிவந்தது.