இட்லி வேகிற நேரத்தில் என்ன நடக்கிறது? உள்ளே எட்டிப் பாருங்கள்!

உஷ்ஷ்... மெதுவாக! உள் அறையில் இரண்டு பிள்ளைகள் தூங்குகிறார்கள். சின்னதுக்குப் பாம்புச் செவி. சமையலறைக்குள் வந்துவிட்டீர்களா? அப்படியே அரிசி டப்பாவுக்குப் பின்னால் கையை விடுங்கள். ஒரு நோட்டு தட்டுப்படுகிறதா? அதுதான்! அட்டையில் 'நான்காம் வகுப்பு, கணக்கு' என்று போட்டிருக்கும், நம்பாதீர்கள். மூத்தவனின் போன வருஷ நோட்டு அது. முன்பாதி பெருக்கல் வாய்பாடு. பின்பாதியில் அவன் எழுதாமல் விட்ட பக்கங்களெல்லாம் என்னுடைய ராஜ்ஜியம்.

புது நோட்டு வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். வாங்கினால் முதல் பக்கத்தில் நல்லதாக ஒன்று எழுத வேண்டும் என்ற பயம் வரும். பெருக்கல் வாய்பாட்டுக்குப் பின்னால் எழுதுகிறவளுக்கு அந்தப் பயம் இல்லை, பதினேழாம் வாய்பாட்டை விட மோசமாக எதையும் எழுதிவிட முடியாது. பேனாவும் கிடையாது, பென்சில்தான். ஈரக் கை பட்டால் ஜெல் பேனா மை பக்கம் முழுக்க இழுத்துவிடும். போன் கூடவே கூடாது. பெற்றோர் வாட்ஸப் குழுவில் 'நாளை மஞ்சள் நிற உடை' என்று ஒரு செய்தி வந்தால் போதும், கவிதை காலி.

இப்போது அடுப்பைப் பாருங்கள். இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கிறது. தட்டில் மாவை ஊற்றி மூடியாயிற்று. இனி பத்து நிமிஷம் இந்தப் பானைக்கு நான் வேண்டாம்! நடுவில் திறந்தால் ஆவி போய்விடும், நடு இட்லி வேகாது. அதாவது, திறக்கக் கூடாத பாத்திரம் ஒன்று அடுப்பில் இருந்தால் பத்து நிமிஷம் கையில் இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அலாரம் வைத்து நாலரைக்கு எழ வேண்டியதும் இல்லை. தோசை நாளில் இந்தக் கணக்கு உதவாது, தோசைக்கு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அன்றைக்குக் கைகொடுப்பது பருப்பு வைத்த குக்கர். விசில் வந்து அடுப்பை அணைத்த பிறகு பிரஷர் தானாக அடங்க ஏறக்குறைய அதே நேரம் ஆகிறது. கரண்டியால் வெயிட்டைத் தூக்கி அவசரப்படுத்தாமல் இருந்தால் சரி.

இட்லி இன்னொரு உபகாரமும் செய்கிறது: அது நிறுத்தவும் வைக்கிறது. எழுத்து பிரமாதமாகப் போகிறதே என்று இன்னும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் இட்லி வறண்டு போகும், பெரியவன் பந்து போல எறிந்து காட்டுவான். அதனால் பாதி வரியில் இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். அந்தப் பாதி வரி மறுநாள் காலை கைப்பிடித்து உள்ளே இழுத்துப் போகும் என்பது போகப்போகத் தெரிந்தது.

சரி, அந்தப் பத்து நிமிஷத்துக்குள் என்ன எழுதுவது? இந்த வீட்டின் பெரிய ரகசியத்தை இப்போது சொல்கிறேன், அது ஈராயிரம் வருஷப் பழசு! ஐங்குறுநூறு தெரியுமில்லையா? ஐந்து புலவர்கள், ஆளுக்கு நூறு பாட்டு, எல்லாமே மூன்றிலிருந்து ஆறு அடிக்குள். அந்த நூறையும் பத்துப் பத்தாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பத்து முழுக்க நண்டு வரும், அது களவன் பத்து. ஒன்று முழுக்க எருமை. ஒன்று முழுக்க வெள்ளாங்குருகு. முல்லையில் செவிலி கூற்றுப் பத்து என்று ஒன்று, மகள் குடித்தனம் நடத்தும் அழகைச் செவிலித்தாய் வந்து சொல்வது. அதன் முதல் பாட்டிலேயே கணவனும் மனைவியும் படுத்திருக்க, நடுவில் பிள்ளை! நம் வீட்டுக் கட்டில்தான், போங்கள்.

நண்டைப் பற்றி ஒரு பாட்டு எழுதச் சொன்னால் நானும் எழுதிவிடுவேன், அதில் நண்டு இருக்காது, நண்டைப் பற்றி ஏற்கெனவே எல்லோரும் சொன்னது இருக்கும். பத்து எழுதச் சொன்னால்தான் வம்பு. தெரிந்ததெல்லாம் மூன்றாம் நாளே தீர்ந்துவிடும். நான்காம் நாள் நண்டைப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். ஆகவே இங்கே சட்டம் இதுதான்: ஒரு பொருள், பத்து நாள், நாளுக்குப் பத்து நிமிஷம். பொருள் கையால் தொடக்கூடியதாக, வீட்டுக்குள் தினமும் கண்ணில் படுவதாக இருக்க வேண்டும். நிலா, மௌனம், தனிமை மூன்றுக்கும் அனுமதி இல்லை.

ஒரு பத்தைத் திறந்து காட்டட்டுமா? இதோ, 'தண்ணி பாட்டில் பத்து'. சின்னவனின் நீல பாட்டில். முதல் நாள் வெறும் வர்ணனை: பேரும் பிரிவும் எழுதி ஒட்டிய டேப், ஒரு பக்கம் நசுங்கல். இரண்டாம் நாளும் அதேதான். மூன்றாம் நாள் சரக்கு தீர்ந்தது, 'பாட்டில் பாட்டில் பாட்டில்' என்று ஐந்து வரி ஓடியிருக்கிறது பாருங்கள். சிரிக்காதீர்கள், அதுவும் முறைதான். பீட்டர் எல்போ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1973-இல் எழுதிய புத்தகத்தில் இந்தப் பயிற்சி இருக்கிறது: பத்து நிமிஷம் கையை நிறுத்தாமல் எழுது, அடிக்காதே, திருத்தாதே, ஒன்றும் தோன்றவில்லையா, தோன்றவில்லை என்றே எழுது. நான்காம் நாள் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைப் பார்த்திருக்கிறேன். அதன் அடியில் கறுப்பாக ஒரு கோடு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தது. ஆறாம் நாள் பாட்டில் பைக்குள் ஒழுகித் தமிழ்ப் புத்தகம் உப்பிப் போயிற்று. ஏழாம் நாள் பக்கத்தைத்தான் நீங்கள் படிக்க வேண்டும், உள்ளது உள்ளபடி:

'அப்படியே திரும்பி வந்திருக்கு. ஏன்டா குடிக்கலைன்னா பதிலே இல்லை. தாய்மை என்பது தீராத தாகம். ச்சே, இது எங்கேருந்து வந்தது. நானெல்லாம் கவிஞரா. கேஸ் புக் பண்ணணும். மூடி திறக்கவே வரலை எனக்கே. அவன் விரலால எப்படி. நேத்து ஒழுகிச்சுன்னு காலையில நான்தான் இறுக்கினேன். அவன் யார்கிட்டயும் கேட்டிருக்க மாட்டான்.'

இதில் எந்த வரிக்கு அடிக்கோடு போடுவீர்கள்? கடைசி இரண்டு நிமிஷத்துக்கு அதுதான் வேலை. தாய்மை வரி பளபளப்பாக இருக்கிறது, ஆனால் அதில் பாட்டிலே இல்லை. எந்த வீட்டுக்கும், எந்த அன்னையர் தின வாழ்த்து அட்டைக்கும் அது பொருந்தும். மூடி இறுகிய வரி மங்கலானது, ஆனால் இந்த வீட்டில், இந்தக் காலையில் மட்டும் நடந்தது. அடிக்கோடு அதற்கே. மறுநாள் அலுவலகம் போகும் பேருந்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் அதை உருட்டிப் பார்த்ததில் வந்தது இது:

ஒழுகக் கூடாதென்று
இறுக்கி மூடி அனுப்பினேன்.
மாலையில்
நிரம்பிய பாட்டிலோடு
தாகமாக வந்தான்.

ஐந்து வரி! துறைமுகம் வரை போகும் பேருந்தில் எனக்கு மட்டும் திருவிழா. பத்து நாளில் தேறியது இந்த ஒன்றுதான், மற்ற ஒன்பதும் பாட்டிலைச் சுற்றிய பிரதட்சணம். திருத்துவது எப்போதும் அடுப்புக்கு வெளியே. எழுதும் நிமிஷங்களிலேயே திருத்தவும் தொடங்கினால் இரண்டும் கெடும். அது நடக்கிறது என்பதைக் கையெழுத்து காட்டிக்கொடுக்கும்: திடீரென்று எழுத்து அழகாகிறது, வரி நேராகிறது. யாரோ படிக்கப்போகிறார்கள் என்று கை நினைத்துவிட்டது என்று அர்த்தம். அப்போது பென்சிலை இடக்கைக்கு மாற்றிவிடுவேன்!

'நானெல்லாம் கவிஞரா' என்ற வாசகத்தைக் கவனித்தீர்களா? நோட்டைப் புரட்டினால் அது அடிக்கடி தலைகாட்டும், ஆனால் தொடக்கத்தில் இல்லை. ஏதோ ஒரு வரி போலியாக வந்த உடனே, அல்லது கொஞ்சம் நன்றாக வந்த உடனே. சோம்பலாக ஓடும் பக்கங்களில் அந்தச் சந்தேகம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதனால் அதை விரட்டுவதில்லை. வந்தால் வந்த இடத்திலேயே எழுதிவிட்டு, அடுத்து கேஸ் சிலிண்டருக்குப் போய்விடுவேன். மூடி அதற்கு இரண்டு வரி தள்ளித்தான் இருந்தது.

இந்த விஷயத்தில் சங்ககாலத்து ஆட்களை நினைத்தால் எனக்கு ஒரே குஷி. குறுந்தொகையில் சிலரின் சொந்தப் பெயரே நமக்குத் தெரியாது, அவர்கள் பாட்டில் வந்த சொல்லை வைத்தே பெயர் சூட்டிவிட்டார்கள். செம்புலப் பெயனீரார் அப்படித்தான். அணிலாடு முன்றிலார் அப்படித்தான், வாசலில் அணில் விளையாடியதைப் பார்த்தவர்! கவிஞர் என்ற பட்டம் முன்னால் வந்து பாட்டு பின்னால் வரவில்லை. அந்த வழக்கப்படி பார்த்தால் என் பெயர் மூடியிறுக்கியார். வீட்டில் சொன்னேன். "அதைவிட உப்புப்போட மறந்தார்னு வைக்கலாம்" என்றார் இவர், சாம்பாரை ருசி பார்த்தபடி.

இந்த ஏற்பாட்டுக்குள் அடங்காததும் உண்டு. நீள் கவிதை இங்கே பிறக்காது. வெண்பா வெளியே வரும், ஆனால் தளை தட்டிக்கொண்டு வரும், அதைச் சரிபார்க்க உட்கார்ந்தால் இட்லி கருங்கல். காய்ச்சல் வாரத்தில் நோட்டைத் திறப்பதே இல்லை, விட்ட நாட்களை ஈடுகட்டுவதும் இல்லை. பத்து என்பது தொடர்ச்சியாகப் பத்து நாள் அல்ல, பத்து முறை. ஐங்குறுநூற்றிலேயே 129, 130 ஆகிய இரண்டு பாட்டுகள் கிடைக்கவில்லை, அதற்காக அந்தப் பத்தை யாரும் தள்ளிவைக்கவில்லையே!

ஐயோ, நேரம் ஆகிவிட்டது. விரலை நனைத்து இட்லியைத் தொட்டுப் பார்க்கிறேன். ஒட்டவில்லை, வெந்துவிட்டது. அடுத்த பத்துக்குப் பொருள் தேர்வு இன்று. பெரியவன் 'ரிமோட்' என்கிறான், சின்னவன் 'பல்லி'. இவர் 'வண்டிச் சாவி' என்கிறார், தேடிக்கொண்டே. எனக்கென்னவோ பல்லிக்குத்தான் ஓட்டு. அது எப்படியும் பத்து நாளும் டியூப் லைட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும், சாவியை நம்ப முடியாது.