பிடித்தால் பிடிபடும், உதிர்த்தால் உதிரும்

புட்டுக் குழாயிலிருந்து குச்சியால் தள்ளியதும் வாழையிலையில் வந்து விழும் புட்டு, வெளிப்பார்வைக்கு எப்போதும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கடலைக்கறி ஊற்ற அதை உடைக்கும்போதுதான் உண்மை தெரியும். சில நாள் உள்ளே சுண்டைக்காய் அளவில் வெள்ளைக் கட்டிகள் கிடக்கும். கடித்தால் பச்சை மாவு வாயில் ஒட்டும். வேறு சில நாள் ஓரமெல்லாம் வெந்திருக்க, நடுப்பகுதி மட்டும் களியாகக் குழைந்திருக்கும். ஆவி போதவில்லை என்று இன்னும் ஐந்து நிமிடம் வைத்தாலும் இரண்டுமே சரியாகாது. இந்தக் குறைகள் அடுப்பில் உண்டாவதில்லை. மாவில் தண்ணீர் தெளித்துப் பிசிறும்போதே உண்டாகிவிடுகின்றன.

அரிசி மாவு வேக சூடு மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். ஏறத்தாழ 65 முதல் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் அரிசியின் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி ஊதி மெத்தென்று ஆகிறது. ஓரிடத்தில் தண்ணீர் மொத்தமாக விழுந்தால், அங்குள்ள நைசான துகள்கள் முதலில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்குள்ளே அகப்பட்ட மாவு நனையாமலே நின்றுவிடும். ஆவி பட்டதும் கட்டியின் மேல்பகுதி வெந்து இறுகி மூடிக்கொள்கிறது. உள்ளே சூடு போனாலும் ஊதுவதற்குத் தண்ணீர் இல்லை. அதனால் அது கடைசி வரை பச்சை மாவுதான்.

களியாகும் புட்டின் கதை வேறு. ஈரம் கூடிய மாவில் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி அடைபட்டுப் போகிறது. ஆவி மேலேறுவது அந்த இடைவெளி வழியாகத்தான். அது அடைந்ததும் ஆவி குழாயின் சுவரை ஒட்டிக் கிடைக்கிற சந்தில் ஏறிப் போய்விடும். நடுப்பகுதிக்குப் போய்ச் சேராது. போதாக்குறைக்கு, மாவில் படுகிற ஆவியே குளிர்ந்து தண்ணீராகி ஈரத்தை இன்னும் கூட்டும். ஆகவே பிசிறுவதன் நோக்கம் ஒன்றுதான்: ஒவ்வொரு துகளும் நனைய வேண்டும், ஆனால் துகள்கள் தனித்தனியாகவே இருக்க வேண்டும்.

இதற்கு மாவும் ஒத்துழைக்க வேண்டும். இடியாப்பத்துக்குச் சலித்த நைஸ் மாவு இங்கே உதவாது. தண்ணீர் பட்ட இடத்திலேயே அது பசையாகும். ஊறவைத்து, வடித்து, துணியில் ஈரம் உலர்த்திய பச்சரிசியைக் கொஞ்சம் கொரகொரப்பாக இடித்தோ அரைத்தோ, கண் பெரிய சல்லடையில் சலிக்க வேண்டும். பிறகு இளந்தீயில் நிறம் மாறாமல் வறுக்க வேண்டும். விரல் இடுக்கில் எடுத்துக் கோலம் போட்டால் இழை அறுபடாமல் விழுவதுதான் வறுபட்டதற்குப் பழைய அடையாளம். ஈரம் போய் மணிமணியாகப் பிரிந்த மாவு தண்ணீரைப் பரவலாக வாங்கிக்கொள்ளும். வறுத்த மாவை முழுதாக ஆறவிட்டுத்தான் பிசிற வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் செய்யும் குழாய்ப் புட்டுக்குப் பச்சைத் தண்ணீர்தான். இரண்டு கப் வறுத்த மாவு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றே கால் கப் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்துத் தனியாக வைக்க வேண்டும். உப்பை மாவில் தூவினால் ஓரிடம் கரிக்கும். தண்ணீரில் கரைத்தால் ஈரம் போகிற இடமெல்லாம் உப்பும் போகும். வாயகன்ற பாத்திரத்தில் மாவைப் பரப்பி, தண்ணீரைக் கையில் அள்ளி விரலிடுக்கு வழியாகத் தெளித்து, உடனே விரல் நுனிகளால் மாவைத் தூக்கித் தூக்கி உதிர்த்துவிட வேண்டும். உள்ளங்கை வைத்து அழுத்தினால் அது பிசைவதாகிவிடும். சிறு கட்டி தட்டுப்பட்டால் இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் அப்போதே கரைந்துவிடும்.

முக்கால் கப் தண்ணீர் போனதும் மாவு பதத்துக்கு வந்ததுபோலத் தோன்றும். இங்கேதான் பலர் அவசரப்பட்டுக் குழாயில் நிரப்பிவிடுகிறார்கள். பெரிய துகள்களின் மேல்பகுதிதான் அப்போது நனைந்திருக்கும். மூடி வைத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் திறந்தால், தண்ணீர் உள்ளே இறங்கி மாவு மறுபடியும் உலர்ந்து கிடக்கும். மிச்சத் தண்ணீரை இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பதம் பார்க்க வேண்டும். ஒரு பிடி மாவை எடுத்துக் கையை இறுக்கி மூடித் திறந்தால், விரல் தடத்தோடு உருண்டை நிற்க வேண்டும். அதையே விரலால் லேசாகத் தட்டினால் முழுதும் உதிர வேண்டும். கையை மூடும்போதே உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை. தட்டியும் உதிராமல் இரண்டாகப் பிளந்தாலோ, உள்ளங்கையில் மாவு அப்பினாலோ தண்ணீர் கூடிவிட்டது.

ஒன்றே கால் கப்பும் செலவாகியே தீர வேண்டும் என்பதில்லை. மாவின் வறுவலுக்கும் அரிசிக்கும் தக்க அளவு மாறும். தவிடு ஒட்டிய சிவப்பரிசி மாவு தண்ணீரை மெதுவாக, ஆனால் கூடுதலாகக் குடிக்கும்; அதற்கு அரை மணி நேரம் ஊறல் கொடுப்பது நல்லது.

ஈரம் கூடிவிட்டால் ஒரு பிடி உலர்ந்த வறுத்த மாவைத் தூவி மறுபடி உதிர்த்துக்கொள்ளலாம். கட்டிகள் நிறைய விழுந்துவிட்டால், ஈரமில்லாத மிக்சி ஜாரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று சுற்றினால் பூவாகப் பிரியும். பதமான மாவுக்குத்தான் இந்த வித்தை பலிக்கும். ஈரம் கூடிய மாவை அப்படியே மிக்சியில் போட்டால் அடியில் பசையாகச் சுருண்டுகொள்ளும்.

நிரப்பும்போதும் பிசிறியதைக் கெடுத்துவிடக் கூடாது. சில்லின் மேல் ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், அதன் மேல் மாவு, மறுபடி தேங்காய் என்று தளர்வாக விட வேண்டும். இடம் பண்ணுவதற்காக அழுத்தினால் ஆவிக்கான வழி மூடிவிடும். மூடித் துளையிலிருந்து ஆவி தாராளமாக வரத் தொடங்கிய பிறகு ஐந்து நிமிடம் போதும்.

யாழ்ப்பாணத்துப் பிட்டு இதற்கு நேர் எதிரான வழியில் போகிறது. அங்கே வறுத்த அரிசி மாவில், பல வீடுகளில் அவித்த கோதுமை மாவும் கலந்து, கொதிதண்ணீர் ஊற்றி அகப்பைக் காம்பால் குழைப்பார்கள். சூட்டில் மேல் மாவு அப்போதே அரை வேக்காடாகி ஒட்டிக்கொள்ளும். கட்டி கட்டியாகத்தான் வரும். அந்தக் கட்டிகளைப் பேணியின் விளிம்பால் கொத்திக் கொத்திக் குறுணியாக்கி, தேங்காய்ப்பூ கலந்து, பனையோலை நீத்துப்பெட்டியில் அவிப்பார்கள். கட்டிக்குள்ளும் ஈரம் போயிருப்பதாலும், கொத்தும்போது அது சிறுத்துவிடுவதாலும் நடுவில் பச்சை மாவு நிற்பதில்லை. ஆனால் கொதிதண்ணீர் ஊற்றிவிட்டுக் கொத்தாமல் விரலால் உதிர்க்கப் பார்த்தால் கை முழுக்கப் பசைதான் மிஞ்சும். பச்சைத் தண்ணீரென்றால் விரலால் பிசிறல், கொதிதண்ணீரென்றால் பேணியால் கொத்தல். ஒன்றின் தண்ணீரோடு இன்னொன்றின் கைவேலை சேராது.